நாமினி இல்லாத பி.எஃப். பணம்: ஆம்பூரில் ஒரு கணக்கு, ஹட்டனில் வேறு கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர் இறந்துவிட்டால், பி.எஃப். பணத்துக்காகக் குடும்பத்தார் வேலூருக்குத்தான் வருகிறார்கள். லாங் பஜார் பக்கம் மனு எழுதித் தருபவரிடம் கேட்டாலும், தெரிந்த வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டாலும், நாமினி பெயர் இல்லை என்றதும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கணும்மா.” பலருக்கு இது தேவையே இல்லாத அலைச்சல். ஆனால் இலங்கையின் மலையகத்தில் அதே பதில் சில நேரங்களில் சரியாகவே இருக்கும். இரண்டு நாடுகளிலும் பணம் தொழிலாளியின் சேமிப்புதான். அவர் இறந்தபின் அந்தப் பணம் எந்தச் சட்டத்தின் வழியே போகிறது என்பதில்தான் வேறுபாடு.

இந்தியாவில் 1952-ஆம் ஆண்டு ஊழியர் வருங்கால வைப்புநிதித் திட்டத்தின் 70-ஆம் பத்தி இதற்கான வழியை வகுத்திருக்கிறது. செல்லத்தக்க நாமினி இருந்தால் அவருக்கு. இல்லையென்றால் ‘குடும்பம்’ என்று திட்டமே வரையறுத்தவர்களுக்குச் சம பங்கு. ஆண் தொழிலாளிக்கு அந்தக் குடும்பம் என்பது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் விதவை, அந்த மகனின் பிள்ளைகள். காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: பெண் தொழிலாளிக்குக் கணவர், பிள்ளைகள், அவரை நம்பி வாழும் தன் பெற்றோர் என்பதோடு, நம்பி வாழும் மாமனார் மாமியாரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். இவர்களில் வயது வந்த மகனும், கணவர் உயிரோடிருக்கும் மணமான மகளும், குடும்பத்தில் வேறு யாராவது இருந்தால் பங்கு பெற மாட்டார்கள். மணமாகாத மகளுக்கும் கணவரை இழந்த மகளுக்கும் பங்கு உண்டு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தெளிவாகும். ஆம்பூரில் தோல் வெட்டும் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் இறக்கிறார், கணக்கில் 4,80,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி, அவரை நம்பி வாழ்ந்த தாய், 24 வயது மகன், திருமணமாகிக் கணவருடன் வாழும் மூத்த மகள், 15 வயது இளைய மகள் இருக்கிறார்கள். நாமினி யாரும் இல்லை. 70-ஆம் பத்திப்படி மனைவி, தாய், இளைய மகள் மூவருக்கும் தலா 1,60,000. மகனுக்கும் மூத்த மகளுக்கும் ஒன்றுமில்லை. இந்துக் குடும்பமாக இருந்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரித்திருந்தால் ஐந்து பேருக்கும் தலா 96,000 வந்திருக்கும். முஸ்லிம் குடும்பமாக இருந்து ஷரீஅத் முறைப்படி பிரித்திருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 60,000தான். ஆனால் பி.எஃப். அலுவலகம் இந்த இரண்டு சட்டங்களையும் பார்ப்பதில்லை. எந்த மதமானாலும் ஒரே கணக்கு.

அதனால்தான் இங்கே நீதிமன்றம் தேவைப்படுவதில்லை. யார் வாரிசு என்ற வழக்கே எழுவதில்லை. யார் குடும்பம் என்று காட்டினால் போதும். அதைக் காட்டுவது வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின் வட்டாட்சியர் தருவார். எந்த வட்டாட்சியர் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன, பி.எஃப். அலுவலகம் வேலூரில் இருப்பதால் சான்றிதழும் வேலூரில் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இறந்தவர் வசித்த ஊரின் வட்டாட்சியரிடம்தான் போக வேண்டும்.

அந்தச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பங்கு பெறுபவர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம், இறப்பு நேர்வுக்கான ஒருங்கிணைந்த கோரிக்கைப் படிவம் ஆகியவைதான் அடிப்படை. இதே படிவத்தில் காப்பீட்டுத் தொகையையும் குடும்ப ஓய்வூதியத்தையும் கேட்கலாம், பி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு இவற்றை விட்டுவிடுகிற விதவைகள் இருக்கிறார்கள். படிவத்தில் முதலாளி சான்று தர வேண்டும். ஆலை மூடிக் கிடந்தால் வங்கி மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்களின் சான்றை ஏற்பார்கள். இளைய மகளின் பங்கு அவள் பெயரிலுள்ள கணக்கில் போட வேண்டியது. ஆகவே அவளுக்கென்று கணக்கு திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். தாய் மகனை நம்பி வாழ்ந்தவர் என்பதைக் காட்ட ஒரு பிரமாணப் பத்திரம் உதவும்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் சட்டச் சிக்கலால் அல்ல, பெயரால். பி.எஃப். பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், இறப்புச் சான்றிதழில் வேறொன்று, வாரிசுச் சான்றிதழில் மூன்றாவது. இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பி.எஃப். பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப எழுதச் சொன்னால் மாதங்கள் மிச்சமாகும்.

கோர்ட் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. திருமணமாகாதவர், பெற்றோரும் இல்லை, அண்ணன் தம்பி மட்டும் இருக்கிறார்கள் என்றால் திட்டம் சொல்லும் குடும்பம் அங்கே இல்லை. அப்போது பணம் ‘சட்டப்படி உரிமையுள்ளவருக்கு’ப் போகும், அந்த உரிமையைக் காட்ட 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றச் சான்று வேண்டியிருக்கும். இரண்டு பேர் தாங்களே மனைவி என்று வந்தாலும் அலுவலகம் தீர்ப்பளிக்காது. இன்னொன்று: குடும்பமே இல்லாத காலத்தில் நண்பனையோ அண்ணனையோ நாமினியாகப் போட்டிருந்து, பிறகு குடும்பம் அமைந்தால் அந்த நியமனம் தானாகச் செல்லாததாகிவிடும். பெயர் இருக்கிறது என்று நம்பியிருந்தவர்களும் இப்படி நாமினி இல்லாதவர்கள் ஆகிறார்கள்.

இனி ஹட்டனுக்கு வருவோம். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கிறது. கோரிக்கையைத் தொழில் திணைக்களம் பரிசீலிக்கும், பணத்தை மத்திய வங்கி வைத்திருக்கும். பின்னுரித்தாளி பெயர் இல்லையென்றால் பணம் இறந்தவரின் சட்டபூர்வ வாரிசுகளைத் தேடிப் போகிறது. யார் வாரிசு என்பதை அவரவருக்குரிய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. மேலே சொன்ன அதே குடும்பம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழும் இந்துக் குடும்பமானால், 1876-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, 2,40,000. மீதி மூன்று பிள்ளைகளுக்கும் தலா 80,000. வயது வந்த மகனும் மணமான மகளும் இதில் உண்டு. பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றுமில்லை. முஸ்லிம் குடும்பமானால் 1931-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வந்து, ஷரீஅத் பங்குகள் நடைமுறையாகும்.

வாரிசுரிமைதான் கணக்கு என்பதால் எல்லாப் பிள்ளைகளும் ஆவணங்களோடு வர வேண்டும். திருமணப் பதிவு, ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று நீளும். பிணக்கு வந்தால் மாவட்ட நீதிமன்றம். சடங்கோடு முடிந்து பதிவாகாத திருமணங்கள் மலையகத்தில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தான் மனைவி என்று காட்டுவதே முதல் போராட்டம்.

ஓய்ந்துபோன தாயும் பள்ளி செல்லும் மகளும் இருக்கும் வீட்டுக்கு இந்திய விதியே நல்லது என்பது என் எண்ணம். சம்பாதிக்கும் மகனுக்கு முன்னால் அது இவர்களை நிறுத்துகிறது. ஆனால் விதி இருப்பது தெரியாமல் கோர்ட் கட்டணமும் வக்கீல் கூலியும் கட்டுகிறவர்களுக்கு அதனால் பயனில்லை. மனைவி, பிள்ளை, நம்பி வாழும் பெற்றோர் என யாராவது ஒருவர் இருந்து, அவர்களுக்குள் தகராறும் இல்லையென்றால், முதலில் வட்டாட்சியரிடம் போங்கள். நீதிமன்றச் சான்று வேண்டும் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், 70-ஆம் பத்தியின் எந்தப் பிரிவுப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.