ஐம்பது மீட்டர் பட்டையை வைத்து இரண்டு ஏக்கரை அளப்பது

நிலம் தேடி அலைகிறவர்களுக்கு இப்போதெல்லாம் புரோக்கரிடமிருந்து முதலில் வருவது ஒரு ஸ்கிரீன்ஷாட்தான். சாட்டிலைட் படம், அதன்மேல் விரலால் இழுத்த சிவப்புக் கோடு, கீழே "ரெண்டு ஏக்கர் இருபது சென்ட் சார்" என்று ஒரு வரி. சர்வே நம்பர் கேட்டால், "நேர்ல வாங்க, பேசிக்கலாம்." ஆனால் படத்தின் கீழ்மூலையில் "50 மீ" என்று ஒரு சின்ன அளவுகோல் பட்டை வெட்டுப்படாமல் இருந்தால், நேரில் போவதற்கு முன்பே அந்த இருபது சென்ட்டைச் சோதித்துவிடலாம். சில மாதங்களாக இந்த வேலைக்கு நான் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது ImageJ.

இது நிலத்துக்காகச் செய்ததே இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட், மைக்ராஸ்கோப் படங்களில் செல்களை அளப்பதற்காக எழுதிய இலவச மென்பொருள். தோற்றம் அந்தக் காலத்துடையது: திறந்தால் ஒரு சின்ன டூல்பார் மட்டும் வரும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. லாகின் கேட்பதில்லை, விளம்பரம் இல்லை, வேலை முடியும்வரை குறுக்கே வருவதில்லை. செல்லோ வயலோ, படத்தில் ஓர் அளவு தெரிந்தால் மற்ற அளவுகளைச் சொல்லிவிடுகிறது.

செய்முறை எளிது. ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து, நேர்கோட்டுக் கருவியால் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கோடு இழுக்க வேண்டும். `Analyze > Set Scale` போய், `Known distance` என்ற இடத்தில் 50, `Unit of length` என்ற இடத்தில் m. பிறகு பலகோணக் கருவியால் சிவப்புக் கோட்டின் நடுவிலேயே மூலைக்கு மூலை கிளிக் செய்து சுற்றி வந்து `Ctrl+M` அழுத்தினால் பரப்பு சதுர மீட்டரில் வரும். 40.47-ஆல் வகுத்தால் சென்ட்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுமே என்று பயப்பட வேண்டாம். படம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், விகிதம் கெடாது. அச்சிட்ட வரைபடத்தில் இருக்கும் 1:5000 போன்ற விகிதத்துக்கு இந்தக் குணம் கிடையாது. ஜெராக்ஸில் ஒருமுறை சிறிதாக்கினால் அது பொய்யாகிவிடும். பட்டையின் பெரிய பலம் இதுதான். பலவீனம் அதன் நீளம்.

மேலே சொன்ன படத்தையே எடுத்துக்கொள்கிறேன். பட்டை இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முனையில் கறுப்புக் கோடு 'இங்கே முடிகிறது' என்று நிற்பதில்லை. கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என்று இரண்டு மூன்று பிக்சலில் கரைகிறது. எனக்கு நீளம் 142 பிக்சல் வந்தது. வேறொருவர் 140 என்றோ 144 என்றோ சொன்னால் மறுக்க முடியாது. சிவப்புக் கோட்டுக்குள் இருந்த பரப்பு 68,400 சதுர பிக்சல். 142 என்று வைத்தால் சுமார் 210 சென்ட். 140 என்றால் 216. 144 என்றால் 204. பட்டையில் இரண்டு பிக்சல் நகர்ந்ததற்கு நிலத்தில் ஆறு சென்ட் நகர்கிறது. நீளத்தில் வரும் பிழை பரப்பில் இரட்டிப்பாகும் என்பதுதான் காரணம்: அகலமும் அதே பட்டையால்தானே அளக்கப்படுகிறது?

ஒரு நல்ல சோதனை அந்தப் பட்டையிலேயே இருக்கிறது. பல ஆப்களில் மீட்டருக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கும். நம் படத்தில் அடிக்குறி 200 அடி, அதாவது 60.96 மீட்டர். 50 மீட்டர் 142 பிக்சல் என்றால் 200 அடி 173 பிக்சலில் விழ வேண்டும், விழுந்தது. அவசரத்தில் இந்த நீளக் குறியை 50 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், இரண்டு ஏக்கர் ஒன்றரை ஏக்கருக்கும் கீழே போய்விடும்.

இதைவிட நல்ல வழி, பட்டையை விட்டுவிட்டு நீளமான ஒன்றைப் பிடிப்பது. படத்தில் வாய்க்கால் வளைவும் தார்ச்சாலையும் தெரிந்ததால் அந்த இடத்தை என் போன் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. வாய்க்கால் பாலத்திலிருந்து சாலை முக்குவரை தூரம் அளக்கும் வசதியால் பார்த்தேன்: 212 மீட்டர். அதே தூரம் ஸ்கிரீன்ஷாட்டில் 606 பிக்சல். அதை அளவாகக் கொடுத்ததும் 207 சென்ட் வந்தது. இப்போது இரண்டு பிக்சல் தவறினாலும் ஒன்றரை சென்ட்டுக்கு மேல் மாறாது. இடம் தெரியாத படமாக இருந்து, அதில் ஒரு 400 மீட்டர் ஓடுதளம் தெரிந்தால் அதுவும் உதவும். தரமான தளத்தில் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அகலம் 73 மீட்டர்.

ImageJ-யில் எனக்கு உறுத்துவது `Set Scale` பெட்டியில் இருக்கும் `Global` என்ற சின்னக் கட்டம். அதில் டிக் விழுந்திருந்தால், இந்தப் படத்துக்குக் கொடுத்த அளவு அடுத்துத் திறக்கும் படங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரே மைக்ராஸ்கோப்பில் நாள் முழுக்கப் படம் எடுப்பவருக்கு அது வரம். ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டும் ஒவ்வொரு ஜூமில் வரும் நமக்கு அது பெரிய பள்ளம். எண் தெளிவாக, தசமப் புள்ளியோடு வரும். தப்பு என்று முகத்தில் எழுதியிருக்காது. கண்டுபிடிக்க ஒரே வழி, புதிய படத்தைத் திறந்ததும் அதன் மேல்வரியைப் பார்ப்பது. நீங்கள் இன்னும் அளவே கொடுக்காதபோது அங்கே மீட்டர் என்று இருந்தால் பழைய அளவு உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் இரண்டு விரலால் வரைபடத்தைச் சாய்த்திருந்தால் அளக்கவே வேண்டாம். படத்தின் மேல்பகுதியில் மரங்களும் வீடுகளும் சிறுத்து, இணையாக ஓட வேண்டிய சாலையோரங்கள் குவிந்து போகும். ஒரே பட்டை மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் பொருந்தாது. முழு இந்தியாவும் தெரியும் படத்துக்கும் இதே கதி. பெரும்பாலான ஆப்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் வடக்கே போகப்போக எல்லாம் பெரிதாகத் தெரியும். கன்னியாகுமரியில் சரியாக இருக்கும் பட்டை ஸ்ரீநகரில் தூரத்தைச் சுமார் 20 சதவீதம் கூட்டிச் சொல்லும். ஒரு வயல், ஒரு கிராமம் என்ற அளவில் இந்தக் கவலை இல்லை.

பட்டைப் பிரச்சினை தீர்ந்ததும் மிஞ்சுவது வரப்பு. இந்த நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 380 மீட்டர். கோடு வரப்பின் உள்ளோரத்தில் போகிறதா நடுவிலா என்று அரை மீட்டர் சந்தேகம் சுற்றிலும் இருந்தால், அது மட்டுமே கிட்டத்தட்ட ஐந்து சென்ட். இதை எந்த மென்பொருளும் தீர்க்காது. மரநிழல் வரப்பை மறைத்திருந்தால் இன்னும் கூடும். ஆகவே நான் எழுதி வைத்தது 207 அல்ல, '200 முதல் 214 வரை' என்று. 220 அதில் அடங்கவில்லை. அதைச் சொல்லிக் கேட்டபிறகுதான் பட்டா நகல் வந்தது. பரப்பு 0.84 ஹெக்டேர், அதாவது 207 சென்ட்டும் கொஞ்சமும். விலை சென்ட் கணக்கில் பேசப்பட்டதால் அந்தப் பன்னிரண்டு சென்ட் பேச்சிலேயே கழிந்தது. நான்கு எல்லைக் கற்களும் சரியான இடத்தில்தான் இருக்கின்றனவா என்பதற்குப் புலப்படத்தோடு சர்வேயர் வர வேண்டும். அவருக்கு மனு கொடுத்திருக்கிறோம்.