ஐ.ஜி.இ. எண்ணும் இரண்டு மருந்துகளும்

ஆஸ்துமா உள்ளவருக்குச் சளியோடு பழுப்புக் கட்டிகள் வருகின்றன. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. சளியில் கிருமி இல்லாவிட்டாலும் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவது நம் நாட்டில் பழைய கதை. ஏ.பி.பி.ஏ. எனப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமை நோய் பெரும்பாலும் இப்படித்தான் நழுவிப் போகிறது. இந்தப் பூஞ்சை நுரையீரலுக்குள் ஊடுருவி அரிப்பதில்லை. மூச்சுக்குழாய்ச் சளியில் அது தங்கிக்கொள்ள, உடலின் ஒவ்வாமை அதன்மேல் பாய்கிறது. அந்தச் சண்டையில் குழாய் விரிந்து பழுதாகிறது. ஸ்டீராய்டு சண்டையைத் தணிக்கும். இட்ராகோனசோல் பூஞ்சையைக் குறைக்கும். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாமே என்பது கேட்டவுடன் சரியாகப்படும். எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சான்று போதவில்லை, திரும்பத் திரும்ப நோய் கிளம்புகிறவருக்கே அது பொருந்தும் என்பது என் முடிவு.

சேர்க்கைக்கு வலுவான ஆதாரம் 2000-ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வு. ஸ்டீராய்டை விடமுடியாத நிலையில் இருந்த 55 பேரில் இட்ராகோனசோலும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் தேறினார்கள். போலி மாத்திரை பெற்றவர்களில் 19 சதவீதம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஸ்டீராய்டில் மாட்டிக்கொண்டவர்கள். புதிதாக நோய் கண்டவர்களைப் பற்றிய விடை சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்திலிருந்து 2022-இல் வந்தது. 191 பேரில் ஒரு பாதிக்குப் பிரெட்னிசோலோன் மட்டும் நான்கு மாதம். மறுபாதிக்கு அதனோடு இட்ராகோனசோல் ஆறு மாதம். ஓராண்டுக்குள் நோய் மறுபடி கிளம்பியவர்கள் முறையே 33 சதவீதம், 20.6 சதவீதம். ஆறு வாரத்தில் இரு பக்கமும் எல்லோரும் தேறியிருந்தார்கள். ஸ்டீராய்டை நம்பியே வாழும் நிலைக்கு இரண்டு பக்கத்திலும் யாரும் போகவில்லை.

33-க்கும் 20.6-க்கும் உள்ள வித்தியாசம் சிறியதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புள்ளியியல் எல்லையை அது மயிரிழையில் தவறவிட்டது; பயனே இல்லையென்று அதற்குப் பொருளில்லை. ஆனால் அந்தப் பயனுக்கு விலை இருக்கிறது: ஆறு மாதக் காப்ஸ்யூல், கல்லீரல் சோதனை, இதயம் பலவீனமானவருக்கு ஆபத்து. 2024-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் முதல் தாக்குதலுக்கு ஏதாவது ஒரு மருந்தையே முன்வைக்கிறது. ஓரிரு ஆண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ கிளம்பினால் சேர்க்கையை ஏற்கிறது. அந்த வரிசை சரியென்றே படுகிறது.

சேர்க்கையின் பலவீனம் மருந்தைவிடப் பின்தொடர்வதில்தான் அதிகம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மொத்த ஐ.ஜி.இ. 4000. எட்டு வாரத்தில் 2400-க்கு இறங்கி, மூச்சிரைப்பும் பாதிக்கு மேல் குறைந்தால் மருந்து கேட்கிறது; 20 சதவீத இறக்கமே போதும். பிறகு 1500-இல் நிற்கலாம். அது 'நார்மல்' இல்லை, ஆனால் அதுதான் அவருடைய அடிக்கோடு. எண் இயல்புக்கு வரவேண்டுமென்று மாத்திரையை நீட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பின்னர் 2000 வந்தால், இருமல் கூடாதவரை பொறுக்கலாம். அடிக்கோட்டுக்கு மேல் பாதி, அதாவது 2250-ஐத் தாண்டி, இருமலும் இரைப்பும் சேர்ந்தால் நோய் திரும்பிவிட்டது. இருமல் மட்டும் கூடி எண் அசையாவிட்டால் சாதாரண ஆஸ்துமாவையோ சளித்தொற்றையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். பூஞ்சைக்கே உரிய ஐ.ஜி.இ. நோயைக் கண்டுபிடிக்க உதவும். பின்தொடர உதவாது, அதற்குப் பணம் செலவழிப்பது வீண். மாநில எல்லையில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: ஒரு சோதனை பெங்களூரில், அடுத்தது ஓசூரில், மூன்றாவது கிருஷ்ணகிரியில். கருவி மாறினால் எண்ணும் மாறலாம். அதை நோயின் ஏற்றமென்று படித்தால் தேவையில்லாத ஸ்டீராய்டு உள்ளே போகும்.

சேர்க்கையை ஆதரிப்பவர்கள் குறைவாகப் பேசும் விஷயம் ஒன்றுண்டு. இட்ராகோனசோல் கல்லீரலில் ஸ்டீராய்டு சிதைவதைத் தடுக்கிறது. பிரெட்னிசோலோனில் பாதிப்பு சிறிது. மீத்தைல்பிரெட்னிசோலோனிலும் புடெசோனைடு, ஃபுளூட்டிகசோன் இன்ஹேலர்களிலும் பெரிது. இன்ஹேலர் மட்டுமே இழுப்பவருக்கும் முகம் வீங்கலாம், உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப்போகலாம். ஆக, சில ஆய்வுகளில் தெரிந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி பூஞ்சை குறைந்ததால் அல்ல, ஸ்டீராய்டு கூடியதால் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. பெக்லோமெத்தசோன் இன்ஹேலருக்கு மாற்றுவது ஒரு வழி. நேரெதிர்ப் பிழையும் உண்டு: ஸ்டீராய்டோடு வயிற்றுக்கென்று எழுதும் பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைத்து, காப்ஸ்யூல் உடலில் சேர்வதைக் கெடுக்கும், தவறாகத் தொடங்கிய காசநோய் மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் சேர்ந்ததையும் கரைத்துவிடும். எண் இறங்காதபோது மருந்து பலிக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்கினாரா, கூட என்னென்ன மாத்திரை என்று கேட்டு, முடிந்த இடத்தில் இரத்தத்தில் இட்ராகோனசோல் அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தொட்டதா என்றும் பார்க்க வேண்டும்.