மிதக்கிற மாம்பழம்

கோவிந்தாபுரத்தை ஒட்டிய முதலமடைத் தோப்புகளில் நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே மாங்காய் பறிப்பு தொடங்கிவிடும். கூடவே அந்த வீடியோவும் வந்துவிடும்: தண்ணீரில் ஒரு மாம்பழம் மிதக்கிறது, 'கல் வைத்துப் பழுத்தது, விஷம்' என்று சிவப்பெழுத்து வருகிறது. இதை மறுத்து வீடியோ எடுப்பவர் திரையில் எதைக் காட்டினால் அது சான்றாகும்?

இன்னொரு பழத்தை மூழ்கவிட்டுக் காட்டுவது சான்றாகாது. அந்தப் பழம் எப்படிப் பழுத்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. மரத்திலிருந்து காமிரா முன்னால் பறித்த இருபது காய்களுக்கு எண் எழுதி, அங்கேயே அண்டாவில் போட வேண்டும். முற்றாத காய் பெரும்பாலும் மிதக்கும், முற்றியது மூழ்கும். கல்லே படாத ஒரு காய் மிதந்தால் போதும், 'மிதந்தால் கல்' என்ற விதி உடைந்துவிடும்.

காரணத்தைத் தராசு காட்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காயை அடியில் முட்டாமல் மெல்லிய கம்பியால் முழுக்க அமிழ்த்த வேண்டும். 250 கிராம் காய்க்குத் தராசு 245 காட்டினால் அதன் அடர்த்தி 1.02, மூழ்கும். 256 காட்டினால் 0.98, மிதக்கும். அடுத்து, மூழ்கிய அதே காயை லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்த நீரில் போட்டால் மேலே வரும். காய் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது. வசனமே தேவைப்படாத இந்தக் காட்சியை வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும்.

ஆனால் இத்தனையும் பாதிதான். கல் வைத்த பழம் மூழ்குமா என்பதை இவை எதுவும் சொல்லவில்லை. அதற்காகக் கார்பைடு வாங்கிச் சோதிக்கவும் கூடாது: ஈரம் பட்டால் வெளியேறும் அசிட்டிலீன் தீப்பற்றும், கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். காட்டாததைக் காட்டியதாகச் சொல்லாமல், 'மூழ்கினால் கல் இல்லை என்பதற்கு இந்தச் சோதனையில் ஆதாரம் இல்லை' என்று திரையில் எழுதுவதே நேர்மை.

நம்பிக்கைக்குள் ஓர் உண்மைத் துளியும் உண்டு. முதல் விலைக்கு ஆசைப்பட்டு முற்றாமல் பறித்த காய்க்குத்தான் கல் வைக்கும் தூண்டுதல் அதிகம். அந்தக் காய் மிதக்கிறதென்றால், காரணம் கல் அல்ல, பிஞ்சாய்ப் பறித்தது. இதை விட்டுவிட்டு 'வெறும் வதந்தி' என்று முடிக்கும் ஸ்கிரிப்ட், 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி 2.3.5 தடைசெய்த கல்லுக்கே நற்சான்று கொடுத்ததாகிவிடும். எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, அதுவும் 100 பிபிஎம் வரைதான்.

ஆகவே என் தீர்ப்பு: அண்டாச் சோதனை முற்றலைச் சொல்லும், கல்லைச் சொல்லாது. கல் வைத்ததைக் கண்டறிய ஆய்வகம் வேண்டும். வீடியோவின் கடைசித் திரையில் இந்த இரண்டு வரிகளும் சம அளவு எழுத்தில் நிற்க வேண்டும்.