இரண்டு நிபந்தனை, மூன்று தெரியாதவை

டொரன்டோவின் டோர்செட் பார்க் பகுதிப் பின்வளவுகளில் கூரைக்குழாயின் கீழ் வைத்த மழைநீர்ப் பீப்பாயைப் பனி தொடங்குமுன் திறந்து வடித்துவிடுவார்கள். நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் இறங்கும். டோரிசெல்லியின் விதிப்படி இறங்கும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். மட்டம் y மீற்றரிலும் நேரம் t நிமிடத்திலும் இருக்க, ஒரு சாதாரணக் குழாய்க்கு ஏறக்குறைய y' = −0.2√y என்று கொள்ளலாம். சரியான விடை கையில் இருப்பதால், இருவரிசை முறைகளைச் சோதிக்க இது தோதான கணக்கு.

படி நீளம் h என்றால் டெய்லர் தொடர் தருவது y + hf + (h²/2)·f·f_y. இதில் f_y என்ற வகைக்கெழுவைக் கணக்கிட நமக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாக இரண்டு சரிவுகளை எடுக்கிறோம்:

```
s1 = f(y)
s2 = f(y + a·h·s1)
y_புதிது = y + h·(w1·s1 + w2·s2)
```

s2-ஐ விரித்தால் f + a·h·f·f_y வரும். h, h² உறுப்புகளை ஒப்பிட்டால் w1 + w2 = 1, w2·a = 1/2. நிபந்தனை இரண்டு, தெரியாதவை மூன்று. a = 1/2 என்றால் இடைப்புள்ளி முறை; a = 1 என்றால் சரிவக முறை, அதாவது ஹோயின் முறை. இரண்டுக்கும் ஒரே வரிசை என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் கடந்துபோவது வழக்கம். என் ஆட்சேபம் அங்கேதான்.

மட்டம் 1 மீற்றர், h = 2 நிமிடம் என்று ஒரு படி நடந்து பார்ப்போம். s1 = −0.2. இடைப்புள்ளி முறை பாதித் தூரம் போய் y = 0.8-இல் சரிவு பார்க்கும்: −0.2 × 0.8944 = −0.1789. புதிய மட்டம் 1 − 2 × 0.1789 = 0.6422. சரிவக முறை முழுத்தூரம் போய் y = 0.6-இல் சரிவு பார்க்கும்: −0.1549. இரண்டு சரிவுகளின் சராசரி −0.1775, மட்டம் 0.6451. சரியான விடை 0.64. சரிவகத்தின் பிழை இடைப்புள்ளியினதைப்போல் இரு மடங்குக்கும் மேல். h-ஐப் பாதியாக்கினால் ஒரு படியின் பிழை சுமார் எட்டில் ஒன்றாகக் குறைகிறது. இருவரிசை என்ற வாக்கு இரண்டிலும் காப்பாற்றப்படுகிறது.

வித்தியாசம் h³ உறுப்பில் ஒளிந்திருக்கிறது. சரியான விடையில் அது (1/6)(f²·f_yy + f·f_y²). நம் முறைகளால் f·f_y² பகுதியைத் தொடவே முடியாது. f²·f_yy பகுதிக்கு இடைப்புள்ளி 1/8, சரிவகம் 1/4 தருகின்றன. முன்னது 1/6-க்குக் குறைவு, பின்னது அதிகம். பீப்பாயில் இந்த இரு பகுதிகளும் எதிரெதிர்க் குறியோடு ஒன்றையொன்று நீக்குவதால் சரிவகத்தின் மிகை பிழையைக் கூட்டுகிறது. y' = y² என்ற கணக்கில் இரண்டும் ஒரே குறி; அங்கே அதே மிகை விடுபட்ட பகுதியை ஓரளவு ஈடுசெய்யும். y = 1, h = 0.1 என்று தொடங்கினால் இடைப்புள்ளி 1.1103, சரிவகம் 1.1105, சரியான விடை 1.1111. வெற்றி சரிவகத்துக்கு. எனவே எது சிறந்தது என்பதை முறை தீர்மானிப்பதில்லை, கணக்குத்தான் தீர்மானிக்கிறது. y' = λy போன்ற நேரியல் கணக்கில் இரண்டும் அச்சொட்டாக ஒரே விடை தருவதால், அதை வைத்து இவற்றை ஒப்பிடுவது வீண்.

இரண்டுக்கும் பொதுவான பெரிய குறை பீப்பாயின் அடியில் தெரியும். மட்டம் 0.05 மீற்றர், h அதே 2 என்று வைப்போம். சரிவக முறை முழுத்தூரம் போனதும் மட்டம் −0.039 ஆகும், எதிர்க்குறி எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்பதால் கணக்கு நின்றுவிடும். இடைப்புள்ளி பாதித் தூரத்தில் 0.0053 என்ற எண்ணைக் கண்டு, ஒன்றும் நடவாததுபோல் 0.021 என்று விடை சொல்லும். உண்மை மட்டம் 0.0006. சத்தம்போட்டு நிற்கும் முறையைவிட, மௌனமாகத் தவறும் முறைதான் இங்கே ஆபத்து. இதைப் பிடிக்கக் கூடுதல் செலவு வேண்டாம்: s1-ஐ மட்டும் வைத்து வரும் ஆய்லர் விடை −0.039, அதற்கும் 0.021-க்கும் உள்ள இடைவெளி மட்டத்தையே விடப் பெரிது. படியைச் சுருக்கு என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த வகை ஒப்பீட்டை முறையாகச் செய்தவர்கள் இதே நகரத்தில் இருந்தார்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஹல், என்ரைட் ஆகியோர் ஃபெலன், செட்ஜ்விக் என்பவர்களோடு 1972-இல் வெளியிட்ட ஆய்வு, முறைகளை அவற்றின் வரிசையை மட்டும் வைத்து மதிப்பிடாமல், ஒரே சோதனைக் கணக்குத் தொகுதியில், கேட்ட துல்லியத்தை எட்ட எவ்வளவு செலவாகிறது என்று அளந்தது. வகுப்பறையிலும் இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்ததோடு நிறுத்தாமல், மீந்துபோன மூன்றாவது மாறிலி பிழையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கேட்டால்தான் டெய்லர் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.