மெக்காலேயின் பெயரில் உலவும் உரையும் சான்றுகளை எடைபோடும் முறையும்

மாணவர் கட்டுரைகளில் இடம்பெறும் இணையச் சான்றுகளை மதிப்பிட, எழுதியவர் யார், எப்போது எழுதினார், ஆதாரம் காட்டியுள்ளாரா, எந்த நோக்கத்தில் எழுதினார் என்று வரிசையாக வினவும் சரிபார்ப்புப் பட்டியல் முறை பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004இல் வெளியிட்ட பட்டியல் இவற்றுள் புகழ்பெற்றது. பெயரும் நாளும் இல்லாத பதிவை அப்படியே படியெடுக்கவிருக்கும் மாணவரை ஒரு கணம் நிறுத்தி, ஐயுறக் கற்பிப்பது இம்முறையின் மறுக்க முடியாத பயன். ஆயினும் அது சொல்லப்படும் செய்தியை விட்டுவிட்டு, சொல்லும் பக்கத்தின் தோற்றத்தையே பெரிதும் ஆராய்கிறது.

இக்குறையை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். இந்தியா முழுவதும் பயணம் செய்தும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை என்றும், இந்நாட்டை வெல்ல அதன் பழங்கல்வியை அழிக்க வேண்டும் என்றும் மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு மேற்கோள் எண்ணற்ற வலைப்பதிவுகளில் காணப்படுகிறது. பேசியவர், நாள், இடம் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருப்பதால், பட்டியலை மேலோட்டமாகக் கையாளும் மாணவர் அதை ஏற்றுவிடுவார். ஆனால் 1834இல் இந்தியா வந்த மெக்காலே 1838இல்தான் இங்கிலாந்து திரும்பினார். கப்பல் பயணம் மாதக்கணக்கில் நீண்ட அக்காலத்தில், குறிப்பிட்ட நாளில் அவர் கல்கத்தாவில் இருந்தார். அந்த நாளிட்டு அவர் எழுதியது கல்வி பற்றிய அரசுக் குறிப்பு; அதில் இவ்வாசகங்கள் இல்லை. உண்மையான ஆவணத்தின் நாளே போலி மேற்கோளுக்கு நம்பகத்தன்மையைத் தந்துவிட்டது.

இப்பிழை, பக்கத்தைவிட்டு வெளியேறி, அதே செய்தியைப் பிற ஆதாரங்களுடன் ஒப்பிடும் பக்கவாட்டு வாசிப்பினால் வெளிப்படும். எனினும் அம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நூறு பதிவுகள் ஒரே மேற்கோளைத் தந்தாலும், அவை ஒன்றையொன்று படியெடுத்தவையாயின் அவை நூறு சான்றுகள் ஆகா. ஆகவே ஒப்பீடு, நிகழ்வுக் காலத்திலேயே எழுந்த மூலச் சான்றில் சென்று முடிய வேண்டும்.

வலைப்பதிவு என்பதற்காகவே ஒன்றை விலக்குவதும் பிழையே. மெக்காலேயின் குறிப்பு 1920இல் அச்சான அரசுக் கல்வி ஆவணத் தொகுப்பில் உள்ளது. ஒரு தனிமனிதர் பதிவு அத்தொகுப்பின் உரிய பக்கத்தைச் சுட்டுமாயின், சரிபார்க்க வழிகாட்டும் அப்பதிவு, ஆதாரம் காட்டாத அச்சு நூலைவிட மேலானது. எனவே ஆசிரியர் மதிப்பெண் வழங்கும்போது தளத்தின் வகையை மட்டும் நோக்காது, மாணவர் அச்செய்தியை மூலம்வரை பின்தொடர்ந்தாரா, எந்த இடத்தில் அத்தடம் அறுந்தது என்பதைக் கட்டுரையிலேயே சொன்னாரா என்று நோக்குவதே நேரிய மதிப்பீடாகும்.