சதுரத்துக்குள் ஒரு பரவளையம்

"கண்ணை மூடிக்கிட்டு எண்களைப் போட்டா மெய் மூலம் வருமாப்பா?" ஷார்ஜாவில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். இதற்கு விடை ஒரு படம்! அதைப் பார்த்த நாளிலிருந்து ஆபீஸில் அகப்பட்டவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருபடிச் சமன்பாட்டை x² + 2bx + c = 0 என்று எழுதிக்கொள்ளுங்கள். b² ≥ c என்றால் மெய் மூலம் உண்டு, அவ்வளவுதான். x-இன் கெழுவில் பாதியை எடுக்கும் இந்த வழி, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி காட்டியது. அவருடைய கணக்கு x² + 21 = 10x. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25. அது 21-ஐவிடப் பெரிது. மூலங்கள் 3, 7. சிறியதாக இருந்தால் விடை இல்லை என்றும் அவரே சொல்லிவிட்டார்.

இப்போது கிராஃப் தாள். b, c இரண்டும் -1 முதல் 1 வரை எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழட்டும். ஒவ்வொரு சமன்பாடும் 2×2 சதுரத்தில் ஒரு புள்ளி. c = b² என்ற பரவளையத்தை வரைந்தால், கிண்ணத்துக்குள் விழுந்த புள்ளிக்கு மெய் மூலம் இல்லை. கிண்ணத்தைச் சுற்றிய செவ்வகத்தின் பரப்பு 2. அதில் மூன்றில் இரண்டு பங்கு கிண்ணம் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்டது. ஆகவே 4/3. மொத்தப் பரப்பு 4. மெய் மூலத்துக்கு வாய்ப்பு 2/3!

எல்லையை 100 ஆக்குங்கள். சதுரம் 200×200, பரப்பு 40,000. கிண்ணமோ b = -10 முதல் 10 வரை ஒல்லியாக எழும்பிச் சதுரத்தின் மேல்விளிம்பைத் தொட்டுவிடுகிறது: 20×100-இல் மூன்றில் இரண்டு, சுமார் 1,333. முப்பதில் ஒரு பங்குதான்! எல்லையை விரிக்க விரிக்க மெய் மூல வாய்ப்பு 1-ஐ நெருங்குகிறது. அடேயப்பா!

ஆனால் x²-இன் கெழுவையும் குருட்டாம்போக்கில் எடுத்து ax² + bx + c = 0 என்று போட்டால் இந்த வித்தை நடக்காது. மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் மூலங்கள் மாறுவதில்லை. அதனால் எல்லை 1 ஆனாலும் 100 ஆனாலும் வாய்ப்பு அதே 62.7 சதவீதம்தான். 'குருட்டாம்போக்கு' என்றால் எந்தக் குருட்டாம்போக்கு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

எக்செலில் பார்த்துவிடலாம். A1, B1 இரண்டிலும் முதல் வரி, C1-இல் இரண்டாவது:

```
=2*RAND()-1
=IF(A1^2>=B1,1,0)
```

ஆயிரம் வரிக்கு இழுத்து C பத்தியைக் கூட்டுங்கள். 667-ஐ ஒட்டி வரும். F9 தட்டினால் பத்து பதினைந்து கூடும், குறையும். 333 பக்கம் வந்தால், வெறும் RAND() போட்டு எதிர்மறை எண்களை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்றே செய்து பாருங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து.