அறிக்கைத் தமிழிற் செய்வினையும் செயப்பாட்டுவினையும்

அறிக்கை எழுதுவோர் செயப்பாட்டுவினையைத் தவிர்த்தல் வேண்டும் என்னும் அறிவுரை நம்மிடையே பரவலாக வழங்குகின்றது. அது ஆங்கிலவழி வந்த வழு என்பர் ஒரு சாரார். ‘செயப்படுபொருள்’ என்னும் தொல்காப்பியக் கலைச்சொல்லிலேயே ‘படு’ அமைந்திருத்தலை இவர்கள் நோக்கவில்லைப் போலும். பொறுப்பை மறைக்கும் அதிகாரவர்க்க மொழி அது என்பர் மற்றொரு சாரார். ஆராயத்தக்கது இதுவே.

தமிழில் ஒரு நிகழ்ச்சியைக் கூற இரண்டல்ல, மூன்று வாய்பாடுகள் உள. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்ததை ‘நூலகம் எரிந்தது’ எனலாம், ‘எரிக்கப்பட்டது’ எனலாம், இன்னார் ‘எரித்தனர்’ எனலாம். முதல் வாக்கியத்தில் உள்ளது செயப்பாட்டுவினையன்று, தன்வினை. அதன்முன் ‘தானாக’ என்னும் சொல்லை இட்டுப் பார்த்தால் அது தடையின்றிப் பொருந்தும். ‘தானாக எரிக்கப்பட்டது’ என எவரும் எழுதார். செயப்பாட்டுவினை செய்தவனின் பெயரை விடினும், செய்தவன் ஒருவன் உளன் என்பதை விடுவதில்லை, ‘யாரால்?’ என்னும் வினாவுக்கு இடம் வைக்கின்றது. ஆகவே நம் மொழியிற் பொறுப்பை முழுமையாக மறைப்பவை ‘எரிந்தது’, ‘சேதம் ஏற்பட்டது’, ‘அசம்பாவிதம் இடம்பெற்றது’ போன்றவையே. இவை இலக்கணப்படி செய்வினை வடிவின ஆதலால், செயப்பாட்டை மட்டும் தேடும் திருத்துநரின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

செய்தவர் இன்னார் என விசாரணை நிறுவியிருப்பின் செய்வினையே வேண்டும். நிறுவப்படாதவிடத்துச் செயப்பாட்டுவினையே நேர்மையானது. எழுவாயின்றி ‘எரித்தனர்’ என்று மட்டும் எழுதினால், அறிக்கையாளர் அறிந்தும் சொல்லாது விட்டார் என்ற ஐயமே எஞ்சும்.

ஆய்வுகூட அறிக்கையில் நிலைமை வேறு. ‘மண் மாதிரிகள் 105 பாகை செல்சியசில் 24 மணிநேரம் உலர்த்தப்பட்டன’ என்பதிற் குறையேதுமில்லை. யார் உலர்த்தினார் என்பது அங்கு பொருட்டன்று; மாதிரியே பேசுபொருள், அடுத்த வாக்கியமும் அதன் நிறையையே கூறப்போகின்றது. ஆயினும் ‘உலர்ந்தன’ என்றெழுதினால் வெயிலிற் கிடந்து உலர்ந்தனவோ என்ற மயக்கம் பிறக்கும்.

செயப்பாட்டுவினை உண்மையிற் கேடு விளைவிப்பது விதந்துரைப் பகுதியிலேயே. கிணற்று நீர் பற்றிய அறிக்கையொன்று, ‘கிணறு மூடப்படல் வேண்டும், மாற்று நீர் வழங்கப்படல் வேண்டும்’ என முடிவதாகக் கொள்வோம். நடந்ததைக் கூறுமிடத்துச் செய்தவர் அறியப்படாதிருத்தல் கூடும். நடக்கவேண்டியதைக் கூறுமிடத்து அவ்வாறிருத்தல் ஆகாது. பிரதேச சபை தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையை நோக்கும், அது பிரதேச சபையை நோக்கும். கிணறு திறந்தே கிடக்கும். ‘பிரதேச சபை இம்மாத முடிவுக்குள் கிணற்றை மூடுதல் வேண்டும், மூடும் நாள் முதல் நீர்வழங்கல் சபை தாங்கியூர்தி மூலம் நீர் வழங்குதல் வேண்டும்’ எனத் திருத்தினால், அடுத்த மாதம் எவரிடம் விளக்கம் கேட்பது என்பதை அவ்வூரார் அறிவர்.